சர்க்கரைப் பானங்களுக்கு வரி: கொள்கைப் பகுப்பாய்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுக் கொள்கைப் பயிற்சி வகுப்புகளில் நான் பல வருடங்களாக ஒரே உதாரணத்தைத்தான் எடுத்து நடத்துகிறேன். சர்க்கரை கலந்த குளிர்பானங்களுக்கு ஓர் அரசு வரி போட நினைக்கிறது. அதை எப்படி அலசுவது? ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள் வருகின்றன. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணமாக எடுத்துக்கொள்வது பிரிட்டன் 2016இல் அறிவித்து 2018இல் நடைமுறைப்படுத்திய வரி. அறிவிப்பிலிருந்து விளைவுகள் வரை எல்லாக் கட்டமும் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால் கற்றுக்கொள்ள அது வசதியானது.

1. கொள்கைப் பகுப்பாய்வுன்னா அரசாங்கம் செய்றதை விமர்சனம் பண்றதுதானே?

இல்லை. விமர்சனத்தை முடிவு எடுத்த பிறகும் எழுதலாம். பகுப்பாய்வு, முடிவெடுப்பவரின் மேசையில் முடிவுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய வேலை. பிரச்சினை சரியாக எது, அதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு வழியிலும் யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு, எது நடைமுறையில் நிற்கும் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் "இதைச் செய்யலாம், இந்தக் காரணத்துக்காக" என்று ஒரு பரிந்துரையில் போய் நிற்க வேண்டும்.

முதல் கேள்வியிலேயே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "குழந்தைகள் குண்டாகிறார்கள்" என்பது பிரச்சினையின் விவரணை ஆகாது. "பதின்ம வயதினரின் உணவில் சேரும் சர்க்கரைக்குக் குளிர்பானம்தான் மிகப் பெரிய ஒற்றை மூலம், ஒரு 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, பதினொரு வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட உச்ச அளவு 30 கிராம்" என்று எழுதினால்தான் எதன் மேல் கை வைப்பது என்பது தெரியும். பிரிட்டனின் அறிவியல் ஆலோசனைக் குழு 2015இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் வந்ததுதான் அந்த 30 கிராம் அளவு.

2. கொள்கைச் சுழற்சின்னு வட்டமா ஒரு படம் போடறீங்களே, நிஜத்துல அப்படியா நடக்குது?

அப்படியே நடப்பதில்லை. படத்தில் இருப்பவை ஐந்து கட்டங்கள்: விஷயம் அரசின் கவனத்துக்கு வருவது, வழிகளை வகுப்பது, முடிவெடுத்துச் சட்டமாக்குவது, அமலாக்குவது, விளைவை மதிப்பிடுவது. மதிப்பீட்டில் கிடைத்ததை வைத்து மறுபடியும் முதல் கட்டத்துக்குப் போகிறோம் என்பதால் வட்டம்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2016 மார்ச் 16 அன்று பட்ஜெட்டில் வரியை அறிவித்துவிட்டார். எப்படி வடிவமைப்பது என்ற கலந்தாய்வு ஆவணம் ஆகஸ்டில்தான் வந்தது. அதாவது முடிவு முன்னால், வழிகளை வகுப்பது பின்னால். இடையில் ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பு நடந்தது. பிரதமரும் போனார், ஆஸ்போர்னும் போனார். சட்டம் 2017 ஏப்ரலில் நிறைவேறியது. 2018 ஏப்ரல் 6 முதல் வரி வசூல். இப்படிக் குழம்பியிருந்தாலும் படத்துக்குப் பயன் உண்டு. இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், இந்தக் கட்டத்தில் யார் பேச்சு எடுபடும் என்று கேட்க அது உதவுகிறது.

3. ஒரு டிவி சமையல்காரர் பிரசாரம் பண்ணதால வந்த வரின்னு சொல்றாங்களே?

ஜேமி ஆலிவரின் பங்கு உண்மைதான். 2015இல் நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் முன்வைத்த மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஆனால் அப்போது அரசு 'வரி வேண்டாம்' என்றுதான் சொன்னது. மனு மட்டும் போதுமென்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஏற மூன்று ஓடைகள் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பார்கள்: பிரச்சினை, கையில் தயாராக இருக்கும் தீர்வு, அரசியல் சூழல். பிரச்சினையைச் சொல்ல, மேலே சொன்ன அறிவியல் குழு அறிக்கை இருந்தது. தீர்வுக்கு, பொதுச் சுகாதார அமைப்பு 2015 அக்டோபரில் வெளியிட்ட ஆதாரத் தொகுப்பும், நவம்பரில் நாடாளுமன்றச் சுகாதாரக் குழு செய்த வரிப் பரிந்துரையும் இருந்தன. மெக்சிகோ 2014 ஜனவரி முதல் லிட்டருக்கு ஒரு பெசோ வாங்கிக்கொண்டிருந்தது. முதல் வருட விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது என்ற ஆய்வும் வந்துவிட்டது. மூன்றாவது, அந்த பட்ஜெட்டில் பொருளாதாரக் கணிப்புகள் மோசமாக இருந்தன. எல்லோரும் பேசும்படியான ஓர் அறிவிப்பு நிதியமைச்சருக்குத் தேவையாக இருந்தது. மனு இந்த மூன்றாவது ஓடைக்கு நீர் சேர்த்தது. அதற்கு மேல் அதன் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.

4. ஸ்டேக்ஹோல்டர் மேப்னா சம்பந்தப்பட்டவங்க பேரை எல்லாம் எழுதி வச்சாப் போதும்தானே?

பெயர்ப் பட்டியல் தொடக்கம்தான். தமிழில் இதைப் பங்குதாரர் வரைபடம் என்றும் எழுதுகிறார்கள்; பங்குச் சந்தை நினைவு வந்துவிடுவதால் நான் 'தரப்பினர் வரைபடம்' என்கிறேன். ஒவ்வொரு தரப்பைப் பற்றியும் நாலு விஷயம் தெரிய வேண்டும். இந்த வரியால் அவர்களுக்கு எவ்வளவு போகிறது அல்லது வருகிறது. இப்போது அவர்கள் ஆதரவா, எதிர்ப்பா. முடிவை மாற்ற அவர்களுக்கு எந்த வழியாக அதிகாரம் இருக்கிறது. எதை மாற்றினால் அவர்களுடைய நிலை மாறும். நாலாவது கேள்வியை எழுதாமல் விட்டவர்களின் வரைபடம் சுவரில் தொங்கும், வேலைக்கு ஆகாது.

வழக்கமாக ஒரு சதுரத்தை நாலு கட்டமாகப் பிரித்து, ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை என்று வைத்து, தரப்பினரை அதில் நிறுத்துவார்கள். பிரிட்டனில் அதிகாரமும் அக்கறையும் அதிகம் உள்ள கட்டத்தில் நிதியமைச்சகமும் பெரிய பான நிறுவனங்களும். அதிகாரம் அதிகம், அக்கறை நடுத்தரம் என்றால் சூப்பர் மார்க்கெட்டுகள். அக்கறை அதிகம், நேரடி அதிகாரம் குறைவு என்றால் பல் மருத்துவர்கள், நலவாழ்வு இயக்கங்கள். இரண்டும் குறைவாகத் தெரியும் கட்டத்தில் பானத்தைக் குடிக்கும் பிள்ளைகள். அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் என்ன ஆபத்து என்பது 9ஆவது கேள்வியில் வருகிறது.

5. கம்பெனிங்க எல்லாம் எதிர்ப்புதானே? ஒரே கட்டத்துல போட்டுட்டா என்ன?

நான் திருத்தும் பயிற்சித் தாள்களில் அடிக்கடி பார்க்கும் பிழை இது. 'தொழில்துறை' என்று ஒரே பெட்டி, பக்கத்தில் 'எதிர்ப்பு' என்று ஒரு வார்த்தை. தொழில் சங்கம் வரியை எதிர்த்தது உண்மை. ஆனால் சங்கத்துக்குள் இருந்தவர்களின் நிலைமை ஒன்று போல இல்லை. தன் செய்முறையை மாற்ற முடியுமா, முடியாதா என்பதுதான் அவர்களைப் பிரித்த கோடு.

கோகோ கோலாவின் அசல் பானத்தில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை. அந்தச் சுவைதான் அவர்களுடைய சொத்து. மாற்றவில்லை, வரியை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் சர்க்கரை இல்லாத வகைகளும் கைவசம் இருந்தன. லூகோசேட் என்ற குளுக்கோஸ் பானத்தைத் தயாரித்த நிறுவனம் 13 கிராமை 4.5 கிராமாகக் குறைத்தது. டெஸ்கோ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2016 நவம்பரிலேயே தன் சொந்தப் பெயரில் விற்கும் குளிர்பானங்கள் எல்லாவற்றையும் 5 கிராம் என்ற வரி வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தது. வரி வரும்போது டெஸ்கோவுக்குத் தன் சொந்த பானங்களில் இழப்பு ஏதும் இல்லை. போட்டியாளரின் பாட்டில் விலை ஏறினால் லாபம்தான். பால் பானம் செய்பவர்களுக்கும் சர்க்கரை சேர்க்காத பழச்சாறு செய்பவர்களுக்கும் விலக்கு. வருடத்துக்குப் பத்து லட்சம் லிட்டருக்குக் குறைவாகச் செய்யும் சிறு தயாரிப்பாளர்களுக்கும் விலக்கு.

இப்படிப் பார்த்தால் கடைசி வரை முழு மூச்சாக எதிர்க்கக் காரணம் உள்ளவர்கள் சிலரே. அதைச் சாதித்தது வரியின் வடிவம். தரப்பினர் வரைபடத்தை வடிவமைப்புக்கு முன்னால் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

6. 18 பென்ஸ், 24 பென்ஸ்னு ரெண்டு அடுக்கு எதுக்கு? கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

2018இல் தொடங்கியபோது இருந்த விகிதங்கள் இவை: 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 கிராமிலிருந்து 8க்குக் கீழே வரை லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் 24 பென்ஸ். வரியைக் கட்டுவது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதி செய்பவர், கடைக்காரர் அல்ல.

கற்பனையாக ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு கோடி லிட்டர் விற்கிறது, பானத்தில் 10.3 கிராம் சர்க்கரை. லிட்டருக்கு 24 பென்ஸ் வீதம் வருடத்துக்கு 24 லட்சம் பவுண்டு வரி. 9 கிராமாகக் குறைத்தால்? அதே 24 லட்சம். ஒரு பென்னி மிச்சமில்லை. 7.5 ஆக்கினால் 18 லட்சம். 4.7 ஆக்கினால் பூஜ்ஜியம். நிறுவனத்தின் கணக்காளர் இப்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பார்: சுவை மாறியதால் ஓடிப்போகும் வாடிக்கையாளர்களால் வரும் இழப்பு 24 லட்சத்தைவிடக் குறைவா? குறைவென்றால் செய்முறையை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கூடவே சர்க்கரை வாங்கும் செலவும் குறைகிறது.

மெக்சிகோ மாதிரி லிட்டருக்கு இவ்வளவு என்று மட்டும் போட்டிருந்தால், 11 கிராமை 6 ஆகக் குறைத்தவருக்கும் அதே வரிதான். விலை ஏறும், குடிப்பவர் குறைத்துக்கொள்வார், ஆனால் தயாரிப்பாளர் செய்முறையைத் தொடமாட்டார். தென்னாப்பிரிக்கா 2018இல் மூன்றாவது ஒரு வழியை எடுத்தது: 100 மில்லியில் முதல் 4 கிராமுக்கு வரி இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட். அங்கே ஒரு கிராம் குறைத்தாலும் பலன் உண்டு. பிரிட்டன் வடிவத்தில் படி தாண்டினால்தான் பலன், ஆனால் தாண்டும்போது பெரிய பலன்.

7. அறிவிச்சுட்டு ரெண்டு வருஷம் சும்மா இருந்தது காலத்தைக் கடத்துற வேலைதானே?

அந்த இரண்டு வருடம்தான் வரியின் முக்கியமான பாகம் என்பது என் கருத்து. செய்முறையை மாற்ற ஆய்வகத்தில் சோதனை வேண்டும், சுவை பார்க்கும் குழு வேண்டும், புது லேபிள் அச்சிட வேண்டும், பழைய சரக்கு தீர வேண்டும். ஆறு மாதத்தில் வசூல் என்றிருந்தால் விலையை ஏற்றுவதைத் தவிர நிறுவனங்களுக்கு வழியிருந்திருக்காது. அவகாசம் கொடுத்ததோடு, அது செய்முறையை மாற்றத்தான் என்று அரசு வெளிப்படையாகவும் சொன்னது.

அவகாசத்தில் ஆபத்தும் உண்டு. எதிர்த்தரப்புக்கும் அதே இரண்டு வருடம் கிடைக்கிறது. 2016 ஆகஸ்டில் புதிய அரசு வெளியிட்ட குழந்தைப் பருவ உடல்பருமன் திட்டம் பலரும் எதிர்பார்த்ததைவிட மெலிந்து வந்தது. வரி மட்டும் தப்பித்தது. பட்ஜெட்டில் வருவாய்க் கணக்காக ஏறிவிட்டதால் அதை எடுக்க நினைத்தால் நிதியமைச்சகமே எதிர்த்து நிற்கும். உங்கள் முன்மொழிவுக்கு அரசுக்குள் எந்தத் துறை சொந்தக்காரர் என்று வரைபடத்தில் குறித்துவையுங்கள். சுகாதாரத் துறை மட்டும்தான் சொந்தக்காரர் என்றால் அது ஆட்சி மாற்றத்தைத் தாண்டுவது கடினம்.

8. கடைசியில ஏழை தலையிலதானே விடியுது?

நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. குறைந்த வருமானக் குடும்பம் தன் வருமானத்தில் அதிகப் பங்கை இப்படிப்பட்ட பொருளுக்குச் செலவிடுகிறது. விலை அப்படியே ஏறினால் பாரமும் அங்கேதான் அதிகம். ஆனால் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் உயர் அடுக்குப் பானங்களில் வரியின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே சில்லறை விலையில் ஏற்றப்பட்டதாக ஆய்வு காட்டியது. செய்முறை மாறிய பானத்துக்கோ வரியே இல்லை. அந்தக் குடும்பம் அதே பாட்டிலை வாங்குகிறது, உள்ளே சர்க்கரை பாதி.

அதனால் பகுப்பாய்வில் 'ஏழைகளைப் பாதிக்கும்' என்றோ 'பாதிக்காது' என்றோ ஒரு வரியில் எழுதாதீர்கள். பழைய பானத்தை விடாமல் குடிப்பவர், மாறிய பானத்தைக் குடிப்பவர், தண்ணீருக்கு மாறியவர் என்று பிரித்து, பணத்தில் யாருக்கு என்ன, உடல்நலத்தில் யாருக்கு என்ன என்று தனித்தனியாக எழுதுங்கள். சொத்தைப் பல்லும் உடல்பருமனும் ஏழைப் பிள்ளைகளிடம்தான் அதிகம் என்பதால் பலனும் அந்தப் பக்கம் சாயலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முடிவெடுப்பவர் நேர்மையாக முடிவெடுக்க முடியும்.

9. வரைபடத்துல யாரையாவது விட்டுட்டா என்ன பெருசா ஆயிடும்?

லூகோசேட் கதையைச் சொல்கிறேன். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் போட்ட பிறகு சில சமயம் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கவனிக்காவிட்டால் மயக்கம். உடனே வேகமாகச் சேரும் சர்க்கரை பதினைந்து கிராம் அளவில் வேண்டும். பிரிட்டனில் அதற்காகப் பையில் லூகோசேட் பாட்டில் வைத்துக்கொள்வது பலருக்குப் பல வருடப் பழக்கம். ஒரு நூறு மில்லி குடித்தால் போதும் என்று கைக்கணக்கு.

2017இல் செய்முறை மாறியது. அதே பெயர், அதே கடை அலமாரி. ஆனால் அதே பலனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்க வேண்டும். பழைய பாட்டிலும் புதிய பாட்டிலும் சில காலம் கடைகளில் சேர்ந்தே கிடந்தன. நீரிழிவு அமைப்புகள் 'லேபிளைப் பார்த்துக் குடியுங்கள்' என்று எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

இந்த வரியைப் பற்றி யோசிக்கும்போது நீரிழிவு என்றால் 'வரியால் பயன்பெறுபவர்' என்றுதான் யாருக்கும் தோன்றும். சர்க்கரை குறைவதே ஆபத்தாகும் ஒரு சிறு கூட்டம் அதே பெயருக்குள் இருக்கிறது. அதனால் நான் வகுப்பில் ஒரு பயிற்சி தருவேன்: 'இந்தக் கொள்கை முழு வெற்றி பெற்றால் யாருக்குக் கஷ்டம்?' என்று கேட்டு வரைபடத்தை இரண்டாம் முறை நிரப்பச் சொல்வேன். தோல்வியில் பாதிக்கப்படுபவர்கள் தாமாகவே சத்தம் போடுவார்கள்; வெற்றியில் பாதிக்கப்படுபவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

10. 520 மில்லியன் பவுண்டு வரும்னாங்க, பாதிகூட வரலையே. அப்போ ஃபெயிலியர்தானே?

அறிவித்தபோது முதல் வருட வருவாய் 520 மில்லியன் பவுண்டு என்று கணித்தார்கள். முதல் வருடத்தில் வந்தது சுமார் 240 மில்லியன். காரணம் 6ஆவது கேள்வியிலேயே இருக்கிறது: நிறுவனங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் செய்முறையை மாற்றிவிட்டன. நோக்கம் சர்க்கரையைக் குறைப்பது என்றால் வருவாய் குறைவதே நோக்கம் நிறைவேறியதற்கு அடையாளம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வரிப் பணத்தில் பள்ளி விளையாட்டுக்கான ஒதுக்கீட்டை வருடத்துக்கு 160 மில்லியனிலிருந்து 320 மில்லியனாக உயர்த்துவோம் என்று சொல்லியிருந்தார்கள். மக்கள் ஆதரவைச் சேர்க்க அது நல்ல வழி. ஆனால் வரி எவ்வளவு வெற்றி பெறுகிறதோ அவ்வளவு பணம் குறையும் என்பதால், அந்த ஒதுக்கீட்டை நம்பி நிற்கும் ஒரு புதுத் தரப்பை நீங்களே உருவாக்குகிறீர்கள். பணம் குறைந்தால் மீதியை எங்கிருந்து எடுப்பது என்று முதல் நாளே எழுதி வைக்காத எந்த முன்மொழிவையும் நான் திருப்பி அனுப்புவேன்.

11. வரியாலதான் சர்க்கரை குறைஞ்சதுன்னு எப்படி நிச்சயமாச் சொல்றது?

முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது. வரி இல்லாத இன்னொரு பிரிட்டன் நம்மிடம் இல்லை. ஆய்வாளர்கள் பல வருடப் போக்கை எடுத்து, வரி வராமலிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று நீட்டிப் பார்த்து, நடந்ததோடு ஒப்பிடுகிறார்கள். இங்கே எளிதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 ஏப்ரலுக்கு முன், பின் என்று மட்டும் பிரித்தால் விளைவு சிறிதாகத் தெரியும். மாற்றம் 2016 அறிவிப்பிலிருந்தே தொடங்கிவிட்டது. 2015 செப்டம்பரில் வரி வரம்புக்கு மேல் இருந்த பானங்கள் 49 சதவீதம். 2019 பிப்ரவரியில் 15 சதவீதம். இதில் பெரும்பகுதி வசூல் தொடங்குமுன்பே நடந்தது.

என்னை நம்பவைத்த ஒப்பீடு வேறு. அதே காலத்தில் பிஸ்கட், கேக், காலைத் தானிய உணவு போன்றவற்றில் 20 சதவீதம் சர்க்கரையைத் தாமாகவே குறைக்கும்படி அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. வரி கிடையாது, வேண்டுகோள் மட்டும். அங்கே மொத்தமாகக் குறைந்தது 3 சதவீதத்தை ஒட்டித்தான். வரி விதிக்கப்பட்ட பானங்களில் 40 சதவீதத்துக்கு மேல். அதே நாடு, அதே வருடங்கள்.

உடல்நலத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 2023இல் வந்த ஓர் ஆய்வு 10, 11 வயதுச் சிறுமிகளிடம் உடல்பருமன் 8 சதவீதம் குறைந்ததோடு வரியைத் தொடர்புபடுத்தியது. அதே ஆய்வில் சிறுவர்களிடம் மாற்றம் தெரியவில்லை, சின்னப் பிள்ளைகளிடமும் தெரியவில்லை. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

12. அப்போ சிகாகோவுல ரெண்டே மாசத்துல ஏன் தூக்கிட்டாங்க?

சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் 2017 ஆகஸ்டில் வரி தொடங்கி, அக்டோபரில் ரத்து செய்ய வாக்களித்தார்கள். அவுன்ஸுக்கு ஒரு சென்ட் என்று சில்லறை விற்பனையில் சேர்ந்தது; வாங்குபவர் ரசீதில் அது தனித் தொகையாகத் தெரிந்தது. சர்க்கரை இல்லாத டயட் பானங்களுக்கும் சேர்த்தே போட்டார்கள். கவுண்டியின் பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்க வந்த வரி என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க 'உங்கள் உடல்நலத்துக்காக' என்ற வாதம் எடுபடவில்லை. டயட் பானத்துக்கும் வரி என்றபோது அந்த வாதம் தானே உடைந்தது.

இதை வரைபடமாகப் போடுங்கள். பிரிட்டனில் தயாரிப்பாளர்கள் பிரிந்தார்கள். இங்கே செய்முறையை மாற்றினாலும் தப்ப வழியில்லை என்பதால் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். அவர்களோடு கடைக்காரர்களும் சேர்ந்தார்கள், ஏனென்றால் கொஞ்ச தூரம் காரோட்டினால் பக்கத்து கவுண்டியிலோ இண்டியானாவிலோ வரியில்லாமல் வாங்கலாம். வாங்குபவருக்கு ஒவ்வொரு ரசீதிலும் எரிச்சல். ஆதரவுக் கட்டத்தில் உள்ளூர்த் தரப்பு வலுவாக இல்லை. வெளியிலிருந்து வந்த விளம்பரப் பணம் அதை நிரப்பவில்லை.

13. நம்ம நாட்டுல ஏற்கெனவே 40 சதவீதம் இருக்கே, புதுசா எதுக்கு யோசிக்கணும்?

விகிதம் அதிகம்தான். முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 12 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும் சேர்ந்து 40. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியே 40. ஆனால் இது காற்றடைத்த பானம் என்ற வகைமேல் விழுகிறது, சர்க்கரை அளவுமேல் அல்ல. சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் 40, பத்து கிராம் உள்ள கோலாவுக்கும் 40. அதே நேரத்தில் காற்றடைக்காத மாம்பழக்கூழ் பானம், அதில் எவ்வளவு சர்க்கரை சேர்த்திருந்தாலும், 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது.

6ஆவது கேள்வியின் கணக்காளரை இங்கே உட்காரவைத்தால் அவர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லமாட்டார். காற்றை எடுத்துவிட்டுப் பழக்கூழ் சேர்க்கச் சொல்வார். இந்தியாவில் இதை அலசப் போகிறவர் 'வரி வேண்டுமா' என்று தொடங்காமல், இருக்கும் வரியை எதன்மேல் விழவைப்பது என்று தொடங்கலாம். தரப்பினர் வரைபடமும் மாறும்: ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்கள் வருகின்றன, மாம்பழ விவசாயிகள் வருகிறார்கள், ஊர்ப் பெயர் போட்ட கலர், சோடா தயாரிக்கும் சிறு ஆலைகள் வருகின்றன.

14. சர்க்கரைக்குப் பதிலா செயற்கை இனிப்பு போடறாங்களே, அது பரவாயில்லையா?

பிரிட்டன் வரி இனிப்பூட்டிகளைத் தொடவில்லை; சர்க்கரை போன இடத்தை நிரப்பியது பெரும்பாலும் அவைதான். உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. பல்லுக்கு இந்த மாற்றம் நல்லது. இனிப்புச் சுவைக்கான பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. எதைக் குறைக்க வரி போடுகிறோம் என்று முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதினால், இதை வெற்றியின் பக்கம் வைப்பதா இழப்பின் பக்கம் வைப்பதா என்ற சண்டை பின்னால் வராது.

15. வரி போட்டு, அளந்தும் பார்த்தாச்சு. அதோட சுழற்சி முடிஞ்சுதானே?

அங்கிருந்துதான் இரண்டாம் சுற்று. 18, 24 பென்ஸ் என்ற விகிதங்கள் 2018இலிருந்து ஏழு வருடம் அப்படியே நின்றன. விலைவாசி ஏற ஏற வரியின் கடி குறைந்துகொண்டே வந்தது. 2024 பட்ஜெட்டில் அதைப் படிப்படியாக ஈடுகட்ட முடிவுசெய்து, 2025 ஏப்ரல் முதல் 19.4, 25.9 பென்ஸ் ஆக்கினார்கள். விலைவாசியோடு தானாக உயரும் என்று முதல் சட்டத்திலேயே எழுதியிருந்தால் இந்த அரசியல் தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு விஷயம் அளந்ததில் தெரிந்தது. 5 கிராம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, 4.5க்கும் 4.9க்கும் இடையில், நிறையப் பானங்கள் வந்து குவிந்துவிட்டன. படி வைத்த வரியில் இது வழக்கம். 6ஆவது கணக்கில் 4.7இல் நின்ற நிறுவனம் அதற்குக் கீழே போக ஒரு காரணமும் இல்லை. எனவே வரம்பை 4 கிராமாக இறக்கலாமா, பால் பானங்களுக்கான விலக்கை நீக்கலாமா என்று 2025இல் கலந்தாய்வு நடத்தினார்கள். நவம்பரில் அறிவித்த முடிவு: 2028 ஜனவரி முதல் வரம்பு 4.5 கிராம், பால் பானங்களும் வரிக்குள், பாலில் இயல்பாக உள்ள சர்க்கரைக்கு மட்டும் கழிவு.

இப்போது 2016 வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அன்று விலக்கு பெற்று அமைதியாக ஓரத்தில் நின்ற மில்க்‌ஷேக் தயாரிப்பாளர்கள் இன்று எதிர்ப்புக் கட்டத்தின் நடுவில். அன்று போராடிச் செய்முறையை மாற்றிய நிறுவனங்கள், 'நாங்கள் ஏற்கெனவே செலவழித்துக் கோட்டுக்குள் வந்தோம், கோட்டையே நகர்த்துகிறீர்களே' என்று கேட்கும் இடத்தில். இரண்டாம் சுற்றுக்குப் பழைய வரைபடத்தை நகலெடுக்காமல், வெள்ளைத் தாளில் தொடங்குங்கள். பழையதைப் பக்கத்தில் வைத்து, இடம் மாறியவர்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். முதலில் போய்ப் பேச வேண்டியது அவர்களிடம்தான்.